முப்பத்தெட்டாவது குட்டியும் ஏழாவது கேள்வியும்

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு வாய் நிறைய இனிமையான பொய் இருக்க வேண்டும். பூசணிக்காய் முகத்தில் ஒல்லிக் கம்பி ஃபிரேமை மாட்டிக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து பார்த்தால், "உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்று சொல்லத் தெரிய வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டு பின்னறைக்குப் போய், அந்த ஃபிரேமுக்கு லென்ஸைத் தீட்டிப் பொருத்துவதும் அவளேதான். லென்ஸ் தீட்டும் மெஷினில் மட்டும் பொய் எடுபடாது. அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டவருக்குத் தலை வலிக்கும். அடுத்த நாள் கடைக்கு வந்து அவளுக்கும் தலைவலியைக் கொடுத்துவிட்டுப் போவார்.

தெருவில் அவளுக்கு நாய்க்காரம்மா என்று பேர். அவள் ஆசைப்பட்டு வாங்கிய பேரல்ல. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் கடை ஷட்டரைத் தூக்கியபோது அடியில் இரண்டு குட்டிகள் ஒண்டிக் கிடந்தன. அவற்றுக்கு வீடு பிடித்துக் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். "அவங்ககிட்ட குடுத்தா பார்த்துப்பாங்க" என்று ஊரில் ஒருத்தர் சொன்னால் போதுமே, அதற்குப் பிறகு அட்டைப் பெட்டியோடு ஆள் வரத் தொடங்கினார்கள். நாயைக் கொண்டு வந்து விட்டவர்கள் எல்லோருக்கும் மனசு இளகியது. வீட்டில்தான் இடம் இல்லை. இரக்கத்தை அவர்கள் வைத்துக்கொண்டு குட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எந்தக் குட்டிக்கும் அவள் பேர் வைத்ததில்லை. பேர் வைத்தால் கொடுக்க மனசு வராது. ஒரு நோட்டில் வரிசையாக எண் மட்டும் போட்டு வைத்திருந்தாள். இப்போது கடைப் பின்னறையில், மெஷினுக்கு அந்தப் பக்கம் பழைய விளம்பரப் பலகை வைத்து அடைத்த மூலையில், செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தது முப்பத்தெட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. டீயை ஆற விட்டுவிட்டு அவள் போனில் பதிவைத் தட்டி முடித்தாள். ஐந்து தடவை எழுதி அழித்த பிறகு வந்தது இது:

"வீடு தேடும் குட்டி. பெண். ஏழு வாரம். நாட்டு நாய். முழுக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தாயிற்று, முதல் தடுப்பூசியும் போட்டாயிற்று. மீதி ஊசிகளை நேரத்துக்குப் போட வேண்டும். வளர்ந்த பிறகு கருத்தடை கட்டாயம். கூட வர நான் தயார். சங்கிலியில் கட்டி வைக்கவோ, காவலுக்கோ, பிறருக்குப் பரிசாகக் கொடுக்கவோ என்றால் அன்புகூர்ந்து தவிர்க்கவும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் இருக்க வேண்டும். வீட்டை நேரில் பார்த்த பிறகே குட்டி வரும். எந்தக் காலத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் தெருவில் விட வேண்டாம், வேறு கைக்கு மாற்ற வேண்டாம். என்னிடமே திருப்பிக் கொடுங்கள், காரணம் கேட்க மாட்டேன். விருப்பம் உள்ளவர்கள் எழுதினால் பன்னிரண்டு கேள்விகள் அனுப்புகிறேன். கேள்விகள் குட்டிக்காக, உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. நன்றி."

நன்றிக்கு முந்தின வரி சுத்தப் பொய். சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள். பதினோரு வருடம் இந்த வேலை செய்தால் பெற்ற தாயையும் சந்தேகப்படத் தோன்றும்.

பதிவைப் போட்டதும் முதலாளி வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான். மூன்று வாரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு சும்மா இருந்தவர்.

"என்னம்மா, ஆள் கிடைச்சுதா?"

"இப்பதான் சார் பதிவு போட்டேன்."

"சனிக்கிழமை கண் பரிசோதிக்கிற மெஷின் வந்திறங்குது. பின்ரூம்லதான் வெச்சாகணும். டாக்டர் உக்காருற இடத்துல இது உக்காந்திருக்க முடியாதுல்ல?"

"சனிக்கிழமைக்குள்ள பார்த்துடறேன் சார்."

"நான் எதும் சொல்லலம்மா. மெஷின்தான் சொல்லுது."

குட்டியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகலாமே என்று யாருக்கும் தோன்றும். முதலாளிக்கும் தோன்றியிருக்கும், கேட்கவில்லை. அவள் வீட்டில் எட்டு மாதத்துக்கு முன்னால் முப்பத்தாறாவது குட்டி செத்துப்போயிற்று. பார்வோ. குட்டிகளுக்கு வரும் தொற்றுநோய். வாந்தியும் ரத்தப் பேதியுமாக மூன்று நாள், அவ்வளவுதான். அவள் அழுது முடித்து, வீட்டையும் பின்கட்டையும் பினாயில் ஊற்றி மூன்று தடவை கழுவினாள். மூன்று வாரம் பொறுத்துத்தான் முப்பத்தேழைக் கொண்டு வந்தாள். அது ஆறாம் நாள் காலையில் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பினாயிலுக்கெல்லாம் அந்தக் கிருமி அசையாதாம். பிளீச்சிங் கரைசல்தான் வேண்டுமாம், அதுவும் தரையில் பத்து நிமிஷம் நிற்க வேண்டுமாம், மண்ணில் இறங்கியிருந்தால் அதற்கும் சாகாதாம், ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்குமாம். கால்நடை மருத்துவர் எல்லாவற்றையும் சொன்னார். நிதானமாகத்தான் சொன்னார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பிறகுதான் பதினொன்றாக இருந்த கேள்விகள் பன்னிரண்டு ஆயின. ஏழாவதாக ஒன்றை நுழைத்தாள்: "கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் வீட்டில் நாயோ குட்டியோ இறந்திருக்கிறதா? எப்படி?" வீட்டிலிருந்து கிளம்பி வந்தால் கடையின் பின்வாசலில் செருப்பைக் கழற்றுவாள், காலைக் கழுவுவாள், அங்கேயே வைத்திருக்கும் வேறு செருப்பையும் கடையின் நீலக் கோட்டையும் மாட்டிக்கொண்டுதான் குட்டியைத் தொடுவாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு இது பெரிய வேடிக்கை. "ஆபரேஷன் பண்ற டாக்டர்கூட இவ்ளோ செய்யமாட்டாரு. ஊருக்கெல்லாம் வீடு தேடறியே, நம்ம வீட்டு சமையல்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு ஒரு பதிவு போடேன்" என்பார். முப்பத்தேழைப் பற்றி மட்டும் கிண்டல் பண்ண மாட்டார். அதைப் புதைக்கக் குழி வெட்டியவர் அவர்தான்.

கடை திறப்பதற்குள் போன் அதிர ஆரம்பித்தது. "ஆணா பெண்ணா?" என்றது முதல் செய்தி. பெண் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். "விலை என்ன?" என்றார் ஒருவர். "என்ன ஜாதி?" என்றார் இன்னொருவர். வெள்ளையாக இருக்கிறதா என்று கேட்டவருக்குக் கறுப்பு என்று பதில் போட்டாள். குளிப்பாட்டினால் மாறுமா என்று கேட்டார். வருங்கால மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக, சொல்லாமல் கொள்ளாமல் கொடுக்கப்போவதாக ஒரு பையன் எழுதினான். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ரெண்டு பேருமா எழுதுங்களேன், சந்தோஷமா இருக்கும்" என்று பதில் அனுப்பினாள். மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

குடோன் வைத்திருப்பவர் ஒருவர் போனிலேயே வந்துவிட்டார்.

"நல்லா பார்த்துப்பேம்மா. மூணு வேளை சோறு. பகல்ல மட்டும் கட்டிப்போடுவோம்."

"சார், உங்களுக்குக் காவலுக்குத்தான் தேவைன்னு நினைக்கிறேன். இது உங்களுக்கு உதவாது சார். யாரைப் பார்த்தாலும் மல்லாக்கப் படுத்து வயித்தைக் காட்டுது."

"திருடனைப் பார்த்துமா?"

"திருடனைப் பார்த்தா ரொம்ப நேரம் காட்டும் சார்."

அவர் சிரித்துவிட்டு வைத்தார். இப்படித்தான், முகம் கோணாமல், கதவைச் சாத்துகிற சத்தம் கேட்காமல் சாத்த வேண்டும். மனம் நொந்தவன் பதிவின் கீழே போய் நான்கு வரி எழுதினால் நல்லவர்களும் வர மாட்டார்கள்.

திங்கட்கிழமை வந்ததில் ஒரு பெண்ணின் பதில்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. வீட்டிலிருந்தே கட்டடங்களுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிறவள். நாள் முழுக்க வீட்டில் இருப்பாள், வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் உண்டு, நாயோடு பழகியவள். ஆனால் வீடு மாறும் எண்ணம் உண்டா என்ற ஒன்பதாவது கேள்விக்கு, "மூன்று மாதத்தில் கணவர் இருக்கும் நாட்டுக்குப் போகிறேன். குட்டியையும் அழைத்துப்போக முடியுமா என்று விசாரிக்கிறேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தாள். விசாரிக்கிறேன் என்றால் கடைசியில் என்ன ஆகும் என்று நாய்க்காரம்மாவுக்குத் தெரியும். விமான நிலையத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு அட்டைப் பெட்டி வரும். "இவ்வளவு நேர்மையாகச் சொன்னதற்கு ரொம்ப நன்றி. உங்கள் பயணம் நல்லபடியாக அமையட்டும். நீங்கள் ஓரிடத்தில் நிலையான பிறகு உங்களுக்கென்று ஒரு குட்டி நிச்சயம் வரும்" என்று எழுதி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு தபால்காரரின் பதில் வந்தது. பதிவைப் பார்த்து மனைவி எழுதச் சொன்னாளாம். மனைவி வீட்டிலேயே தையல். பன்னிரண்டு கேள்விக்கும் கோடு போட்ட தாளில் அழகாகப் பதில் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். சொந்த வீடு. சுற்றுச்சுவர். பகலில் ஆள் இருக்கும். கருத்தடைக்குச் சம்மதம். ஏழாவதற்கு: "இல்லை." நாய் எதற்கு வேண்டும் என்ற கேள்விக்கு, "இருபத்தெட்டு வருஷமாக நாய்க்கும் எனக்கும் பகை. நாலு தடவை கடி வாங்கியிருக்கிறேன். ரிட்டயர் ஆவதற்குள் சமாதானம் ஆகிவிடலாம் என்று ஒரு ஆசை" என்று எழுதியிருந்தார். நாய்க்காரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். மெஷினை நிறுத்திவிட்டு மூன்றாவது தடவையும் படித்தாள். சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. வீடு பார்க்கப் போகும்போது குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அவள் பழக்கமில்லை. ஒரு தடவை மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இரண்டு பஸ் மாறி, முழங்கால் வலியோடு போய் இறங்கினாள். கேட்டுக்கு அடியில் குட்டி நுழையாதபடி பலகை அறைந்திருந்தது. மாடிக் கைப்பிடியில் வலை கட்டியிருந்தது. தபால்காரர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், தேர்வு எழுத வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா ஐம்பது வயதுக்கு மேலே. கழுத்தில் இஞ்ச் டேப்.

"இதுதாம்மா அதுக்குப் படுக்கை" என்று தையல் மெஷினுக்குக் கீழே காட்டினாள். வெட்டுத்துணிகளை அடைத்துத் தைத்த சின்ன மெத்தை. ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டிருந்தது.

இந்த வீட்டுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நாய்க்காரம்மா நினைத்தாள். சனிக்கிழமை என்ன, நாளைக்கே கொண்டுவந்து விடலாம். தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. பின்கட்டையும் பார்த்துவிடலாம் என்று எழுந்து போனாள்.

பின்கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பினாயில். சும்மா ஒரு வாளி ஊற்றிய வாசனை இல்லை. நாள் தவறாமல் ஊற்றி ஊற்றிச் சிமெண்டுக்குள் ஊறிப்போன வாசனை. ஜன்னல் திண்டில் மூன்று பாட்டில் வரிசையாக நின்றது. இந்த வாசனை அவள் வீட்டு வாசனை. குனிந்து பார்த்தாள். கதவின் கீழ் மூலையில், முழங்காலுக்கும் கீழே, மரத்தைச் சின்னப் பல் சுரண்டிய தடம் இருந்தது. சுரண்டிய இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"அக்கா, இங்க குட்டி இருந்துச்சா?"

தையல்காரம்மா கழுத்து டேப்பை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். கூடத்திலிருந்து தபால்காரர் எழுந்து வந்து நின்றார்.

"ரெண்டு மாசம் ஆச்சும்மா" என்றார் அவர். "தெருவுல கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தோம். ஊசி போடணும்னு தெரியல. அஞ்சாவது நாளு வாந்தி எடுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், ட்ரிப்ஸ் எல்லாம் ஏத்துனாங்க. பொழைக்கல."

"அப்புறம் ஏன் இல்லைன்னு எழுதுனீங்க?"

"போன மாசம் இன்னொருத்தங்ககிட்ட குட்டி கேட்டோம்" என்றாள் தையல்காரம்மா. "நடந்ததைச் சொன்னோம். உள்ளதைச் சொன்னதுக்கு, கொன்னுட்டு இன்னொன்னு கேக்கறீங்களான்னு எழுதிட்டாங்க. அதை நான் அழிக்கக்கூட இல்ல. இன்னும் போன்லயே கெடக்கு. அதான், இந்தத் தடவை இல்லைன்னு எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். இவரைக் குத்தம் சொல்லாதம்மா. ஒரு நாளு விடாம கழுவியாச்சு. இன்னும் என்ன இருக்கப்போகுது?"

நாய்க்காரம்மா பின்கட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். களைப்பு கால் பெருவிரலிலிருந்து ஏறியது. சனிக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள். இவர்கள் எழுதியது "இல்லை" என்றுதான்; அவள் இந்தக் கதவைத் திறக்காமலே போயிருக்கலாம். ஒரு ஊசி போட்டாயிற்று, குட்டிக்கு அதிர்ஷ்டம் இருந்தால் தப்பிக்கும். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஒரு நிமிஷம் அவள் நிஜமாகவே அதை யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகப் பிறகு வெட்கப்படவும் இல்லை. களைத்தவர்களுக்கு வரும் யோசனைதான் அது.

பிறகு பின்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, பினாயிலுக்கு இது சாகாது. நானும் ஊத்தினேன். மூணு தடவை. மூணு வாரம் கழிச்சு இன்னொரு குட்டியைக் கொண்டாந்து அதே தரையில விட்டேன். நீங்களாவது தெரியாம முதல்ல ஒண்ணை விட்டீங்க. நான் பத்து வருஷமா ஊருக்கே புத்தி சொல்லிட்டு, ரெண்டாவதைத் தூக்கிட்டு வந்து கொன்னேன்."

கொன்னேன் என்ற சொல்லை அவள் அதுவரை யாரிடமும் உரக்கச் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வீடு பார்க்க வந்தவள் பார்க்க வந்த வீட்டின் பின்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவதை அவளுடைய பன்னிரண்டு கேள்விகளும் எதிர்பார்க்கவில்லை. தபால்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தண்ணீரை வாங்கி முதலில் தானே ஒரு மடக்குக் குடித்தாள்.

"அப்ப எங்களுக்குக் கிடையாதுன்றே" என்றாள்.

"இப்பக் கிடையாது. எல்லா ஊசியும் போட்டு முடிக்க இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும். கடைசி ஊசி போட்டு ரெண்டு வாரம் போகணும். அதுக்கப்புறம்னா தைரியமா விடலாம். அதுவரைக்கும் பிளீச்சிங் கரைச்சு ஊத்தி, பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்க. மண்ணை மேலாக அள்ளிப் போட்டுட்டு சிமெண்ட் பூசிடுங்க. நான் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"அதுவரைக்கும் குட்டி எங்க இருக்கும்?"

"அதான் தெரியல அக்கா."

போகும்போது தபால்காரர் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். இருபத்தெட்டு வருடம் நடந்த கால். அவருக்குச் சமமாக அவளால் நடக்க முடியவில்லை. "பொய் எழுதினது தப்புதாம்மா" என்றார் நடுவில். "கேள்வி கேட்ட விதம் தப்புங்க" என்றாள் அவள். அதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பதிவைத் திறந்து ஒரே மூச்சில் மாற்றி எழுதினாள். இந்தத் தடவை அழித்து அழித்து எழுதவில்லை. "இந்தக் குட்டிக்கு வீடு கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் சமீபத்தில் ஒரு குட்டி பார்வோவில் இறந்திருக்கிறது. ஊசிகள் முடியும்வரை அங்கே விட முடியாது. என் வீட்டிலும் விட முடியாது. என் கவனக்குறைவால் என் வீட்டில் எட்டு மாதம் முன்பு இரண்டு குட்டிகள் இறந்தன. இரண்டரை மாதத்துக்கு மட்டும் பத்திரமான இடம் வேண்டும். உங்கள் வீட்டிலும் குட்டி இறந்திருந்தால் மறைக்க வேண்டாம். நான் திட்ட மாட்டேன். எனக்குத் திட்டும் தகுதி இல்லை."

இறங்குவதற்குள் பதில்கள் வந்து குவிந்தன. அவள் பயந்த மாதிரி ஒருவரும் திட்டவில்லை. வந்ததெல்லாம் செத்த குட்டிகளின் கதைகள். "எங்க வீட்லயும்தான்." "போன வருஷம், எங்க பையனுக்கு இன்னும் சொல்லல, ஊருக்கு அனுப்பிட்டோம்னு சொல்லியிருக்கோம்." "பிளீச்சிங்கா? எங்களுக்கு யாரும் சொல்லலையே." இருபதுக்கு மேல் வந்தது. அத்தனை பேருக்கும் குட்டியை வாங்கிக்கொள்ள ஆசை, அத்தனை வீட்டுக்கும் குட்டியைக் கொடுக்க முடியாது. ஊர் முழுக்கப் பினாயில் ஊற்றியிருக்கிறது. நாய்க்காரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் பிளீச்சிங் அளவை எழுதி அனுப்பினாள்.

வியாழன் முழுக்க வேறு ஒன்றும் நகரவில்லை. முதலாளி பின்னறையை அளந்து பார்த்தார், டேப்பின் மறுமுனையைக் குட்டி பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய பதில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிளான் வரையும் பெண்ணின் ஒன்பதாவது பதிலில் வந்து நின்றது விரல். மூன்று மாதத்தில் போகிறேன். வேண்டாம் என்று ஒதுக்கிய அதே காரணம் இப்போது கைகொடுக்க வந்து நின்றது. தன்னைத் தானே தலையில் தட்டிக்கொண்டு போன் போட்டாள்.

"நான்தாம்மா, குட்டிக்காரி. அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணு எழுதியிருந்தேன்..."

"ஆமாக்கா, அவ்ளோ அழகா எழுதியிருந்தீங்க. என் வீட்டுக்காரருக்கே படிச்சுக் காட்டினேன். மறுநாள்தான் வேணாம்னு சொல்லியிருக்கீங்கன்னே புரிஞ்சுது."

நாய்க்காரம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"வளர்த்துட்டுக் குடுக்கணும், இல்லக்கா?"

"ஆமாம்மா. கஷ்டம்தான். பேர் மட்டும் வெக்காதீங்க, அப்புறம் விட மனசு வராது."

"முயற்சி பண்றேன்" என்றாள் அந்தப் பெண்.

உடனே கொடுத்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அங்கேயும் போய்ப் பார்த்தாள். வாசலிலேயே நின்று கேட் வழியாகப் பார்த்தாள். தன் செருப்பை உள்ளே கொண்டுபோகவில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, முன்பு குடியிருந்தவர்கள் நாய் வைத்திருந்தார்களா என்று விசாரித்தாள். அவர், "இது என்னம்மா, பொண்ணு கட்டிக்குடுக்கப் போறியா?" என்றார். அதுகூட இவ்வளவு கஷ்டம் இல்லை என்று பதில் சொன்னாள். சனிக்கிழமை காலை கண் பரிசோதனை மெஷின் முன்வாசலில் இறங்கியபோது முப்பத்தெட்டு பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏறியது.

இரண்டரை மாதமும் நாய்க்காரம்மா ஊசிக்கு மட்டும் கூடப் போனாள். இரண்டாவது ஊசிக்குப் போனபோதே மருத்துவமனைச் சீட்டில் பேர் என்ற இடத்தில் "ரப்பர்" என்று எழுதியிருந்தது. பிளான் மேஜையிலிருந்த அழிரப்பர்களை எல்லாம் தின்று தீர்த்ததாம். "நான் வெக்கலக்கா, அதுவா வெச்சுக்கிச்சு" என்றாள் அந்தப் பெண். தையல்காரம்மா வாரம் ஒருதடவை கடைக்குப் போன் செய்வாள். குட்டியைப் பற்றிக் கேட்க மாட்டாள். சிமெண்ட் பூசியாகிவிட்டது என்பாள், பிளீச்சிங் வாடைக்குக் கண் எரிகிறது என்பாள், வைத்துவிடுவாள்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்து, மருத்துவரும் சரி என்ற பிறகு, ஒரு புதன்கிழமை நான்கு பேரும் தையல்காரம்மா வீட்டில் கூடினார்கள். பிளான் வரையும் பெண் ரப்பரை இறக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப நேரம் படித்தாள். நாலைந்து மடங்கு வளர்ந்து காலும் காதுமாக இருந்த ரப்பர், நேராகத் தபால்காரரிடம் போய் முகர்ந்து பார்த்துவிட்டு மல்லாக்கப் படுத்தது. "அஞ்சாவது கடி இல்லையே?" என்று உறுதி செய்துகொண்டுதான் அவர் வயிற்றைச் சொறிந்தார்.

நாய்க்காரம்மா புதுப் படிவத்தை நீட்டினாள். ஒப்பந்தம் மாதிரி, கீழே கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் ஒரு பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். இந்தத் தடவை தையல்காரம்மாவே எழுதினாள். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. பிறகு, "ஆம். பார்வோ. ஒரு வாரம்தான் இருந்தது. பட்டன் என்று கூப்பிட்டோம்" என்று எழுதி, தாளை நாய்க்காரம்மா பக்கம் நகர்த்தினாள்.

"எல்லாத்தையும் எங்களையே கேட்டா எப்படி? ஏழாவதுக்கு நீயும் எழுதும்மா."

நாய்க்காரம்மா பேனாவை வாங்கினாள். அதே வரிக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில், "ஆம். பார்வோ. 36, 37" என்று எழுதினாள்.

"இது என்ன நம்பர்?"

"பேர் வெக்கிறதில்ல அக்கா. வெச்சா குடுக்க மனசு வராது."

"இதுங்களைத்தான் நீ யாருக்கும் குடுக்கலையே" என்றாள் தையல்காரம்மா.

தையல் மெஷினுக்கு அடியில் ரப்பர் புது மெத்தையின் இரட்டைத் தையலைப் பல்லால் பிரிக்கத் தொடங்கியிருந்தது. யாரும் தடுக்கவில்லை. நாய்க்காரம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு இருந்த அந்த ஆறு நாளும், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், பின்கட்டில் வைத்து அவள் அதை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். புருஷனுக்குக்கூடத் தெரியாது. 37 என்பதை அடித்தாள். பக்கத்தில் சின்ன எழுத்தில் "மிளகு" என்று எழுதி, கொடுப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.